ரிவியூ கேட்பதில் நேர்மை: விதிகள், கணக்கு, வழிமுறை

இணையச் சந்தையில் பொருள் விற்கும் சிறு வியாபாரிகளிடம் பேசினால் ஒரு மனக்குறையை அடிக்கடி கேட்கலாம். நூறு பேர் வாங்குகிறார்கள், தொண்ணூறு பேருக்கு மேல் குறை சொல்லாமல் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பக்கத்தில் தெரிவதோ கோபப்பட்ட நாலு பேரின் எழுத்துதான். திருப்தியாக இருப்பவர்களை எழுதச் சொல்லிக் கேட்கலாமா? கேட்டால் சந்தை நிறுவனம் கணக்கை முடக்கிவிடுமா? கேட்கும் விதத்தில் வாங்கியவருக்குச் சங்கடம் நேராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ரிவியூ கேட்பதை அமேசானும் கூகுளும் தடை செய்யவில்லை. யாரிடம் கேட்கிறோம், என்ன சொல்லிக் கேட்கிறோம், கைம்மாறாக எதையாவது நீட்டுகிறோமா என்பவற்றைத்தான் அவற்றின் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. இந்தக் கட்டுரை அந்த விதிகளையும், அவற்றுக்குப் பின்னால் உள்ள காரணங்களையும், நடைமுறையில் செய்ய வேண்டியதையும் ஆராய்கிறது. அமேசானில் இரும்பு தோசைக்கல் விற்கும் ஒரு கடை எடுத்துக்காட்டாக வரும்.

யார் எழுதுகிறார்கள், யார் எழுதுவதில்லை

ரிவியூக்களின் நட்சத்திரப் பரவலை ஆராய்ந்தவர்கள் ஒரே மாதிரியான வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். ஐந்து நட்சத்திரம் நிறைய இருக்கும், ஒரு நட்சத்திரமும் கணிசமாக இருக்கும், இடைப்பட்ட இரண்டும் மூன்றும் குறைவாக இருக்கும். நான் ஹூ, ஜீ ஜாங், பால் பாவ்லூ ஆகியோர் 2009-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு இரண்டு காரணங்களைச் சொன்னது. முதலாவது, ஒரு பொருள் பிடிக்கும் என்று நினைப்பவர்தான் அதை வாங்கவே செய்கிறார். இரண்டாவது, மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் நொந்தவரும் எழுதுகிறார்கள், சுமாராக உணர்ந்தவர் எழுதுவதில்லை.

இந்த இரண்டாவது காரணம்தான் நம் கேள்வியின் மையம். யாரும் கேட்காமல் தானாக வரும் ரிவியூக்கள் வாங்கியவர்கள் அனைவரின் கருத்தையும் காட்டுவதில்லை. எழுதும் அளவுக்கு உந்துதல் இருந்தவர்களின் கருத்தையே காட்டுகின்றன. தோசை நன்றாக வந்தால் அதைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஒட்டிக்கொண்டு பிய்ந்தால்தான் போனை எடுப்பார்கள். ஆகவே கேட்பது தன்னளவில் தவறான செயல் அல்ல. சரியாகக் கேட்டால், பேசாமல் இருப்பவர்களின் குரலும் சேர்ந்து, பக்கத்தில் தெரியும் படம் உண்மைக்கு நெருங்கி வரும்.

நட்சத்திரங்களுக்குப் பணமதிப்பு உண்டு என்பதிலும் ஐயமில்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா, சியாட்டில் உணவகங்களை ஆராய்ந்து, யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்வதாகக் கண்டார். ஆனால் எல்லாம் ஐந்தாக இருப்பது நல்லது என்று இதற்குப் பொருளில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாங்கும் வாய்ப்பு உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் 4.0-க்கும் 4.7-க்கும் இடைப்பட்ட மதிப்பில்தான். முழு ஐந்தை நெருங்கும்போது வாங்குபவர் சந்தேகப்படத் தொடங்குகிறார். குறையே இல்லாத பக்கத்தை உருவாக்க நினைப்பவர் தமக்கே இடைஞ்சல் செய்துகொள்கிறார்.

சந்தைகளின் விதிகள்

அமேசான் 2016 அக்டோபரில் ஒரு பெரிய மாற்றம் செய்தது. அதுவரை, இலவசமாகவோ தள்ளுபடியிலோ பொருளைப் பெற்றவர் அதைத் தம் ரிவியூவில் சொல்லிவிட்டால் போதும் என்ற நிலை இருந்தது. அதன்பின் விற்பனையாளர் நேரடியாகப் பொருள் கொடுத்து எழுதச் சொல்வது தடை செய்யப்பட்டது. அமேசானே நடத்தும் வைன் திட்டம் மட்டும் தொடர்ந்தது. அதில் பொருளை இலவசமாகப் பெறுபவரைத் தேர்ந்தெடுப்பது அமேசான். அவர் என்ன எழுதுவார் என்பதில் விற்பனையாளருக்குப் பிடிமானம் கிடையாது. பிராண்டைப் பதிவு செய்தவர்கள், ரிவியூ 30-க்கும் குறைவாக உள்ள புதிய பொருளுக்கு இதில் சேரலாம்.

மற்றபடி விற்பனையாளர் செய்யக்கூடியது, ஒரு ஆர்டருக்கு ஒரே ஒருமுறை, பாகுபாடில்லாத சொற்களில் கேட்பது. இதற்கு மிகப் பாதுகாப்பான வழி செல்லர் சென்ட்ரலில் ஒவ்வொரு ஆர்டரின் விவரப் பக்கத்திலும் இருக்கும் `Request a Review` பொத்தான். பொருள் ஒப்படைக்கப்பட்ட 5-ஆம் நாள் முதல் 30-ஆம் நாள் வரை அதை அழுத்தலாம். அழுத்தினால் அமேசானே தன் சொற்களில் வாங்கியவருக்கு மின்னஞ்சல் அனுப்பும். பொருளைப் பற்றிய ரிவியூவையும் விற்பனையாளரைப் பற்றிய கருத்தையும் அந்த ஒரே மடல் கேட்கும். விற்பவர் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்க முடியாது என்பதால் தவறாகக் கேட்கவும் வழியில்லை.

பொத்தானை விட்டுவிட்டுத் தாமே செய்தி எழுதுபவர்கள்தான் பெரும்பாலும் சிக்குகிறார்கள். ஐந்து நட்சத்திரம் கேட்கக் கூடாது. 'உங்களுக்குப் பிடித்திருந்தால் எழுதுங்கள்' என்று நிபந்தனை போடக் கூடாது. பணம், கூப்பன், பரிசு, இலவச உதிரிப் பொருள் எதையும் கைம்மாறாகச் சொல்லக் கூடாது. எழுதிவிட்ட ரிவியூவை மாற்றவோ நீக்கவோ கோரக் கூடாது. குடும்பத்தாரையும் ஊழியர்களையும் எழுத வைக்கக் கூடாது.

கூகுள் மேப்ஸின் விதியும் இதே திசையில் செல்கிறது. உணவகம், மருந்துக்கடை, தையலகம் நடத்துபவர்கள் தங்கள் வணிகக் கணக்கிலிருந்து ஒரு இணைப்பையோ கியூஆர் குறியீட்டையோ எடுத்து வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாம். கூகுளே அதைச் செய்து தருகிறது. ஆனால் கைம்மாறு கொடுப்பதையும், குறை எழுதவிடாமல் தடுப்பதையும், நல்லது சொல்பவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதையும் அது தடை செய்கிறது. யெல்ப் இன்னும் ஒரு படி மேலே போய், ரிவியூ கேட்கவே வேண்டாம் என்கிறது. ஒரு சந்தையில் அனுமதிக்கப்பட்ட செயல் இன்னொன்றில் குற்றமாகலாம். கேட்பதற்கு முன் அந்தந்தத் தளத்தின் விதியைப் படிப்பதுதான் முதல் வேலை.

நாட்டுச் சட்டங்கள்

தளங்களின் விதிகளுக்கு மேலே சட்டமும் இருக்கிறது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பனையாளர் எவரும் தம்மை வாங்குபவராகப் பொய்யாகக் காட்டிக்கொண்டு ரிவியூ எழுதக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு IS 19000:2022 என்ற தரநிலையை வெளியிட்டது. ரிவியூக்களை எப்படித் திரட்டுவது, சரிபார்ப்பது, வெளியிடுவது என்பதற்கான நெறிகள் அதில் உள்ளன. விலை கொடுத்து வாங்கிய ரிவியூக்களையும், எழுதுவதற்கென்றே அமர்த்தப்பட்டவர்களின் ரிவியூக்களையும் வெளியிடக் கூடாது என்பது அதன் நிலை. கட்டாயச் சட்டமாக இல்லாமல், விரும்பி ஏற்கும் தரநிலையாகவே அது தொடங்கியது.

அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 ஆகஸ்டில் அறிவித்த விதி அதே ஆண்டு அக்டோபர் 21 முதல் நடப்புக்கு வந்தது. போலி ரிவியூக்களை விற்பதும் வாங்குவதும், இன்ன கருத்தைத்தான் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு பரிசு தருவதும், மிரட்டி ரிவியூவை நீக்கவைப்பதும் அதன்படி அபராதத்துக்கு உரியவை. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் போலி ரிவியூக்களுக்குச் சட்டப்படியான தடை உண்டு. திருப்பூரிலிருந்தோ கரூரிலிருந்தோ அந்த நாடுகளின் சந்தைகளுக்கு நேரடியாகப் பொருள் அனுப்புபவர்கள் இவற்றையும் அறிந்திருப்பது நல்லது.

சலித்தெடுக்கும் பழக்கம்

பணம் கொடுத்து ரிவியூ வாங்குவது தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். நல்ல வியாபாரிகளும் தெரியாமல் விழும் பள்ளம் வேறொன்று. முதலில் 'உங்களுக்குத் திருப்தியா?' என்று கேட்பார்கள். ஆம் என்பவருக்கு ரிவியூ பக்கத்தின் இணைப்பு போகும். இல்லை என்பவருக்கு ஒரு புகார்ப் படிவம் போகும். பெட்டிக்குள் வைக்கும் அட்டையிலும் இதே சலித்தெடுப்பு வேறு உருவில் வருகிறது: 'பிடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுங்கள், குறை இருந்தால் எங்களை அழையுங்கள்.' எழுதியவருக்கு இது பணிவாகத்தான் தோன்றும். ஆனால் இரண்டு வகை வாடிக்கையாளரை இரண்டு வாசல் வழியே அனுப்புவதுதான் இதன் வேலை. அமேசானும் கூகுளும் இதை விதிமீறலாகப் பார்க்கின்றன.

இதை ஏன் தவறு என்கிறோம்? குறையை நேரில் கேட்டுத் தீர்ப்பது நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். தீர்ப்பது நல்லதுதான். ஆனால் அடுத்து வாங்கப்போகும் ஒருவர், வாங்கியவர்கள் எல்லோரும் பேசுகிறார்கள் என்று நம்பி அந்தப் பக்கத்தைப் படிக்கிறார். மகிழ்ந்தவர்களை மட்டும் உள்ளே விட்டிருந்தால், அவர் படிக்கும் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தாலும் பக்கம் மொத்தமாகப் பொய் சொல்கிறது. அமெரிக்க ஆடை நிறுவனமான ஃபேஷன் நோவா மீதான வழக்கு இதைத்தான் காட்டியது. நான்கும் ஐந்தும் தானாக வெளியாகும்படி வைத்துவிட்டு, அதற்குக் கீழே இருந்தவற்றை வெளியிடாமல் நிறுத்தி வைத்ததாக ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டியது. 2022 ஜனவரியில் அந்நிறுவனம் 42 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. வெளியான ரிவியூக்கள் போலி என்பது அங்கே குற்றச்சாட்டு அல்ல. மற்றவை மறைக்கப்பட்டன என்பதே குற்றச்சாட்டு.

வற்புறுத்தல் எங்கே தொடங்குகிறது

விதியை மீறாமலேயே ஒருவரை நெருக்கிவிட முடியும். உணவகத்தின் பில் மேசையில் பணியாளர் நின்றுகொண்டு, 'இப்பவே போட்டுடுங்க சார், என் பேரையும் போடுங்க' என்று சொன்னால், எதிரில் நிற்பவரால் மூன்று நட்சத்திரம் போட முடியுமா? எழுதும்போது விற்பவரின் கண் தம்மேல் இருந்தால், வாங்கியவர் தரும் பதில் மரியாதைக்காகத் தந்த பதிலாகிவிடும். கியூஆர் அட்டையை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது சரியான முறை. எழுதுவதற்குக் கடை போனையோ டேப்லெட்டையோ நீட்டாமல், அவர் தம் போனில், தமக்கு வசதியான நேரத்தில் எழுதட்டும்.

இரக்கத்தைத் தூண்டுவதும் நெருக்கடிதான். 'எங்கள் குடும்பமே இதை நம்பி இருக்கிறது', 'ஐந்துக்குக் குறைந்தால் எங்கள் கணக்குப் போய்விடும்' என்ற வரிகள் வாங்கியவர் மேல் பாரத்தை ஏற்றுகின்றன. அவர் பணம் கொடுத்துப் பொருள் வாங்கினார். வியாபாரத்தைக் காப்பாற்றும் பொறுப்பை வாங்கவில்லை.

இதைவிடக் கடுமையானது, உரிமையோடு ரிவியூவை முடிச்சுப்போடுவது. உத்தரவாதத்தைப் பதிவு செய்ய ரிவியூவின் படம் அனுப்பச் சொல்வது, பணத்தைத் திருப்பித் தரும்முன் ஒரு நட்சத்திரத்தை நீக்கச் சொல்வது போன்றவை இவ்வகை. பணம் திரும்பப் பெறுவது அவர் உரிமை, அதற்கு விலை வைக்க விற்பவருக்கு அதிகாரமில்லை.

நம் ஊரில் அதிகம் நடப்பது இன்னொன்று. பார்சல் முகவரிச் சீட்டில் கிடைத்த போன் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் 'வணக்கம் மேடம், பொருள் வந்துடுச்சா?' என்று தொடங்குகிறார்கள். அந்த எண் பொருளைக் கொண்டுசேர்ப்பதற்காகத் தரப்பட்டது. அமேசான் ஆர்டரைப் பற்றிய பேச்சு அதன் செய்திப்பெட்டிக்குள்தான் நடக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதற்கும் மேலாக, முன்பின் தெரியாத ஒருவர் தம் வீட்டு முகவரியையும் எண்ணையும் வைத்துக்கொண்டு ரிவியூ கேட்கும்போது வாங்கியவருக்குப் பயம் வருவது இயல்பு. அந்தப் பயத்தில் கிடைக்கும் நட்சத்திரத்துக்கு மதிப்பில்லை.

ஒரு தோசைக்கல் கடையின் கணக்கு

இனி அந்தத் தோசைக்கல் கடையைப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஆனால் அவை காட்டும் போக்கை எந்த விற்பனையாளரும் தம் எண்களைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

ஒரு மாதத்தில் 300 வார்ப்பிரும்பு தோசைக்கற்கள் விற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 240 பேருக்கு முழுத் திருப்தி, மனத்துக்குள் ஐந்து நட்சத்திரம். 40 பேருக்குச் சுமார், மூன்று. 20 பேருக்குக் கோபம், ஒன்று. எல்லோரும் எழுதினால் சராசரி சுமார் 4.5 வரும். அதுதான் பொருளின் உண்மையான நிலை.

யாரிடமும் கேட்காவிட்டால் என்ன ஆகும்? திருப்தியானவர்களில் 3 பேர் எழுதுகிறார்கள், கோபப்பட்டவர்களில் 5 பேர் எழுதுகிறார்கள். சராசரி 2.5. நல்ல கல்தான், ஆனால் பக்கம் அதை மட்டமான கல்லாகக் காட்டுகிறது.

எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டால், திருப்தியானவர்களில் 12 பேரும், சுமார் என்றவர்களில் 2 பேரும், கோபப்பட்டவர்களில் 6 பேரும் எழுதுகிறார்கள் என்று கொள்வோம். இப்போது சராசரி 3.6. உண்மையான நிலையை நோக்கிப் பெரிய தாவல் இது.

சலித்தெடுத்து, திருப்தியானவர்களை மட்டும் கேட்டிருந்தால்? அந்த 12 பேர் எழுதுவார்கள். கோபப்பட்ட 5 பேர் கேட்காமலேயே எழுதியிருப்பார்கள், அவர்களைத் தடுக்க முடியாது. சராசரி 3.8. விதியை மீறி, கணக்கையே பணயம் வைத்து, கூடுதலாகக் கிடைத்தது 0.2 மட்டுமே.

இப்போது நான்காவது வழியைப் பார்ப்போம். அந்த 20 பேர் ஏன் கோபப்பட்டார்கள் என்று செல்லர் சென்ட்ரலில் பொருள் திரும்பி வந்த காரணங்களையும் `Voice of the Customer` பக்கத்தையும் பார்த்தால், பெரும்பாலும் மூன்று காரணங்கள் தெரியும். கல் வரும் வழியில் விரிசல் விட்டது, துருப்பிடித்து வந்தது, தோசை ஒட்டியது. முதல் இரண்டும் பெட்டி கட்டுவதில் உள்ள குறைகள். வார்ப்பிரும்பு கனமானது, ஆனால் விழுந்தால் உடையக்கூடியது. கைப்பிடி சேரும் இடத்திலும் விளிம்பிலும் தடித்த அட்டை வைத்து, பெட்டிக்குள் கல் ஆடாமல் இறுக்கினால் விரிசல் குறையும். எண்ணெய் தடவி, காற்று புகாத உறையில் போட்டால் துரு குறையும். மூன்றாவது காரணத்தில் கல்மேல் குற்றமில்லை. புதுக் கல்லைப் பழக்கும் முறை வாங்கியவருக்குத் தெரியாததுதான் காரணம்.

இந்த மூன்றையும் சரிசெய்தபின் கோபப்படுபவர்கள் 8 ஆகவும், சுமார் என்பவர்கள் 30 ஆகவும் குறைந்தால், மீதி 262 பேருக்குத் திருப்தி. எல்லோரிடமும் கேட்டு, 13 பேர் ஐந்தும், 2 பேர் மூன்றும், 2 பேர் ஒன்றும் போடுகிறார்கள் என்று கொண்டால் சராசரி 4.3. சலித்தெடுப்பதால் எட்ட முடியாத உயரத்தைக் குறையைத் தீர்ப்பதால் எட்ட முடிகிறது. அமேசான் காட்டும் மதிப்பு வெறும் சராசரி அல்ல. புதிய ரிவியூக்களுக்கும் உண்மையில் வாங்கியவர்களின் ரிவியூக்களுக்கும் அது கூடுதல் எடை தருகிறது. குறையைத் தீர்த்தபின் வரும் ரிவியூக்கள் பழையவற்றை மெல்ல முந்த அதனால் வாய்ப்பு உண்டு.

எப்போது கேட்பது, என்ன சொல்லிக் கேட்பது

தோசைக்கல் கடைக்காரர் 5-ஆம் நாளிலேயே பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும்? வாங்கியவர் கல்லை அரிசி கழுவிய நீரிலோ கஞ்சியிலோ ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கி, வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தேய்த்து, முதல் சில தோசைகளைப் பிய்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. அந்த எரிச்சலில் ரிவியூ மடல் போய்ச் சேரும். 20-லிருந்து 25-ஆம் நாளுக்குள் கேட்டால், கல் பழகி, காலைத் தோசை தானாக எழும்பி வந்திருக்கும். அல்லது கல்லில் உண்மையிலேயே குறை இருந்தால் அதுவும் தெளிவாகத் தெரிந்திருக்கும். எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் நற்குணமும் குறையும் வாங்கியவருக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும் என்று யோசித்து, அந்த நாளில் கேட்பதுதான் நேர்மையான நேரம். போர்வைக்கு இரண்டு மூன்று சலவை, ஊறுகாய்க்கு ஒரு வாரம், போன் உறைக்கு ஐந்து நாளே போதும்.

எந்த நாளைத் தேர்ந்தாலும் எல்லா ஆர்டருக்கும் அதே நாள் இருக்க வேண்டும். புகார் சொன்னவருடைய ஆர்டரைத் தாண்டிச் சென்றுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் அழுத்தினால், அது பழைய சலித்தெடுப்புதான். பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஒரு கடை முடிவெடுக்கலாம். அப்படியானால் அது திருப்பி அனுப்பிய எல்லோருக்கும் பொருந்தும் பொது விதியாக, முன்கூட்டியே எழுதிவைத்ததாக இருக்கட்டும். கல்லை வைத்துக்கொண்டே குறை சொன்னவரிடம் கேட்கத்தான் வேண்டும். அன்றாடம் கையால் அழுத்துவது மறந்துபோகும் என்றால், அமேசான் அனுமதித்த இணைப்பு வழியே இதைத் தானாகச் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றிலும் 'நல்ல ஆர்டர்களுக்கு மட்டும்' என்பது போன்ற வடிகட்டிகளை அணைத்து வைக்க வேண்டும்.

பெட்டிக்குள் வைக்கும் அட்டையின் முன்பக்கம் கல்லைப் பழக்கும் முறைக்கு. எத்தனை நிமிடம் சூடாக்குவது, எந்த எண்ணெய், சோப்பு போடலாமா கூடாதா, ஈரத்தோடு வைத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் படத்தோடு இருக்கட்டும். ஒரு நல்ல பழக்கும் குறிப்பு தடுக்கும் ஒரு நட்சத்திரங்களின் அளவுக்கு எந்த வேண்டுகோள் கடிதமும் தடுக்காது. நுகர்வோர் புகாருக்கான தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும் என்பது பொட்டலப் பொருள்களுக்கான எடையளவுச் சட்டவிதிகளின்படி எப்படியும் கட்டாயம். ஆகவே உதவிக்கு அழைக்கும் வழி தெரிவதில் தவறில்லை. ஆனால் அதை ரிவியூ வேண்டுகோளோடு ஒரே வாக்கியத்தில் இணைக்கக் கூடாது.

பின்பக்கத்தில் இப்படி ஒரு வரி போதும்: 'இந்தக் கல்லைப் பயன்படுத்திப் பார்த்தபின் நீங்கள் கண்டதை, நிறையோ குறையோ, அமேசானில் எழுதினால் அடுத்து வாங்குபவருக்கு உதவும்.' நட்சத்திரப் படமோ எண்ணிக்கையோ வேண்டாம். 'பிடித்திருந்தால்' என்ற சொல்லும் பரிசு பற்றிய பேச்சும் வேண்டாம். இப்படி எழுதியது சரியா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கல் உடைந்து வந்த ஒருவர் கையில் இந்த அட்டை இருப்பதாக நினைத்துப் படித்துப் பாருங்கள். அவருக்கும் இது அழைப்பாகத் தோன்றினால் அட்டை நேர்மையானது. தம்மை விலக்குவதாக அவருக்குத் தோன்றினால் மாற்றி எழுதுங்கள்.

ஒரு நட்சத்திரம் வந்த பிறகு

எல்லோரிடமும் கேட்டால் குறையும் வரும். அப்போது செய்யும் காரியம்தான் கடையின் குணத்தைக் காட்டும். அமேசானில் பிராண்டைப் பதிவு செய்தவர்கள், குறைந்த நட்சத்திரம் கொடுத்தவரை அமேசான் தரும் வார்ப்புச் செய்தி வழியே தொடர்புகொண்டு, பணத்தைத் திருப்பித் தருவதாகவோ மாற்றுப் பொருள் அனுப்புவதாகவோ சொல்லலாம், அல்லது என்ன குறை என்று விளக்கம் கேட்கலாம். அங்கே 'சரிசெய்துவிட்டோம், இனி ரிவியூவை மாற்றுங்கள்' என்று சேர்ப்பது விதிமீறல். சரிசெய்த பிறகு அவராக மாற்றினால் மாற்றட்டும், மாற்றாவிட்டாலும் கடன் தீர்ந்தது. கூகுளில் உரிமையாளர் பொதுவில் பதில் எழுத முடியும். இன்ன குறை நேர்ந்தது, இப்படிச் சரிசெய்தோம் என்று இரண்டு வரி போதும். அந்தப் பதிலை, ரிவியூ எழுதியவரைவிட அடுத்து வாங்க வருபவர்தான் அதிகம் கவனிப்பார்.

எல்லாக் குறையையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. வசை, வேறு பொருளைப் பற்றிய எழுத்து, போட்டியாளர் எழுதியது என்று நம்பக் காரணம் இருப்பது போன்றவற்றைத் தளத்திடம் புகார் செய்யலாம். அமேசானில் விற்பனையாளர் கருத்துப் பகுதியில் பொருளைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் அதை நீக்கக் கோரவும் வழி உண்டு. முடிவெடுப்பது தளம், விற்பவர் வாங்கியவரை நேரடியாக நெருக்குவதில்லை என்பதே வேறுபாடு.

குறுக்குவழிகளின் விளைவு

விலைக்கு வாங்கிய ரிவியூ பலன் தருமா என்ற கேள்விக்கும் ஆய்வு இருக்கிறது. ஷெர்ரி ஹே, பிரெட் ஹாலன்பெக், டவிடே ப்ரோசெர்பியோ ஆகியோர் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, ஃபேஸ்புக் குழுக்கள் வழியே அமேசானுக்குப் போலி ரிவியூ திரட்டிய சுமார் 1,500 பொருள்களைப் பின்தொடர்ந்தது. திரட்டும் காலத்தில் மதிப்பும் விற்பனையும் ஏறின. நிறுத்தியபின் மதிப்பு சரிந்தது, ஒரு நட்சத்திரங்களின் பங்கு கூடியது. பொய்யை நம்பி வாங்கியவர்களின் ஏமாற்றம்தான் அந்த ஒரு நட்சத்திரங்கள்.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. மின்னூட்டிகள் விற்ற ராவ்பவர் என்ற பிராண்டின் பொருள்கள் 2021 ஜூனில் அமேசானிலிருந்து நீக்கப்பட்டன. அதன் பெட்டிகளில் ரிவியூவுக்குப் பரிசு அட்டை தருவதாகச் சொல்லும் சீட்டுகள் இருந்ததை ஒரு செய்தியாளர் வெளிப்படுத்தியிருந்தார். ஒரு சிறு சீட்டு, ஆண்டுக்கணக்கில் கட்டிய வியாபாரத்தை அந்தச் சந்தையில் முடித்துவைத்தது.

முடிவாக

திருப்தியானவர்களிடம் மட்டும் கேட்க வேண்டும் என்ற எண்ணத்தை விற்பவர்கள் கைவிட வேண்டும். விதிகள், ஆய்வுகள், மேலே போட்ட கணக்கு ஆகிய மூன்றும் இந்த ஒரு முடிவுக்கே கொண்டுவருகின்றன. வாங்கிய அனைவரிடமும், பொருள் தன் குணத்தைக் காட்டிய பிறகு, ஒரே ஒருமுறை, எந்தப் பதிலையும் ஏற்கும் சொற்களில், கைம்மாறு எதுவும் இல்லாமல் கேளுங்கள். திருப்தியானவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் கடையில் அவர்களின் குரல் அப்போது தானாகவே மேலே வரும். அவர்கள் பெரும்பான்மையாக இல்லாவிட்டால், ரிவியூ கேட்பதை நிறுத்திவிட்டுப் பெட்டியையும் பொருளையும் சரிசெய்ய வேண்டிய நேரம் அது. இன்றே உங்கள் பெட்டிக்குள் போகும் அட்டையை எடுத்துப் படியுங்கள். அதில் 'பிடித்திருந்தால்' என்ற சொல் இருந்தால், அடுத்த பார்சல் கிளம்பும் முன் அதை அடித்துவிடுங்கள்.